அபிக்ஸபான் மாத்திரை: ஒரு வேளை மறந்தால், ரத்தம் கசிந்தால்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ஆறு வருடமாக வார்ஃபரின் சாப்பிட்டு வந்தார். இப்போது டாக்டர் அதை நிறுத்திவிட்டு அபிக்ஸபான் 5 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுவார். மறந்தால் என்ன செய்வது? "இந்தப் புது மாத்திரைக்கு முறிமருந்தே கிடையாது, ரத்தம் வந்தால் நிறுத்த முடியாது" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். பழைய மாத்திரையே பரவாயில்லையா?

பதில்: உங்கள் உறவினரின் பயம் புரிகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கும் இந்த மாத்திரைகள் வந்த புதிதில் அதே பயம் இருந்தது. அதைப் போக்கிய விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

2011-இல் வெளிவந்த அரிஸ்டாட்டில் என்ற ஆய்வில், உங்கள் அப்பாவைப் போலத் துடிப்புக் கோளாறு உள்ள 18,201 பேரில் ஒரு பாதிக்கு வார்ஃபரினும் மறுபாதிக்கு அபிக்ஸபானும் கொடுத்தார்கள். பெரிய ரத்தக்கசிவு, வார்ஃபரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் மூன்று பேருக்கு ஏற்பட்டது. அபிக்ஸபான் எடுத்தவர்களில் இரண்டு பேருக்கு. தலைக்குள் கசிவு பாதிக்கும் கீழே இறங்கியது. பக்கவாதமும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. அந்த ஆய்வு நடந்தபோது அபிக்ஸபானுக்கு முறிமருந்து என்று ஒன்று உலகத்தில் எங்குமே இல்லை. வார்ஃபரினுக்கோ வைட்டமின் கே இருந்தது. அப்படியும் அபிக்ஸபான் எடுத்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். முறிமருந்து கையில் இருக்கிறதா என்பதைவிட, கசிவே வராமல் இருப்பதுதான் நோயாளிக்கு அதிக லாபம்.

இனி உங்கள் கேள்விகள். மறதி, கசிவு, முறிமருந்து மூன்றுமே ஒரே விஷயத்தில் போய் நிற்கின்றன: மாத்திரை எவ்வளவு வேகமாக வேலையைத் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக உடலை விட்டுப் போகிறது.

வார்ஃபரின் ரத்தத்தில் நேரடியாக எதுவும் செய்வதில்லை. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கைக் கல்லீரல் வைட்டமின் கே-யின் துணையோடுதான் செய்து முடிக்கும். அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை வார்ஃபரின் அடைத்துவிடுகிறது. புதுச் சரக்கு வராது, ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் சரக்கு தீர வேண்டும். அதில் ஒன்று ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இன்னொன்று பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் வார்ஃபரின் முழுப் பலன் தர ஐந்து நாள் பிடிக்கிறது, நிறுத்தினாலும் அதன் வேலை நாள்கணக்கில் நீடிக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, கீரை சாப்பிடும் அளவு திடீரென்று மாறினால் ஏறி இறங்குவதும் இதே வைட்டமினால்தான்.

அபிக்ஸபான் கல்லீரலின் உற்பத்தியைத் தொடுவதே இல்லை. புரதங்கள் எல்லாம் முழுதாக இருக்கும். அவற்றில் பத்தாம் எண் புரதம் விழித்து வேலை தொடங்கும்போது அதன் வாயை நேரடியாக அடைக்கிறது, அவ்வளவுதான். விழுங்கிய மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகும், 24 மணி நேரத்தில் கால்வாசியாகும். கீரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா முருங்கைக்கீரையைத் தள்ளி வைத்திருந்தால் இனி தாராளமாகச் சாப்பிடலாம்.

இப்போது மறதிக்கு வருவோம். வார்ஃபரினில் ஒரு நாள் விட்டுப்போனால் ஐ.என்.ஆர். மெதுவாகச் சரியும், அன்றைக்கே பாதுகாப்பு போய்விடாது. அபிக்ஸபானில் ஒரு வேளை விட்டால் அடுத்த வேளை வருவதற்குள் மருந்து கால்வாசிக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று வேளை தொடர்ந்து விட்டால் அப்பா மாத்திரையே சாப்பிடாதவர் மாதிரிதான். இன்னொரு வித்தியாசத்தைப் பலரும் யோசிப்பதில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பார்க்கும்போது அவருடைய மறதி ஐ.என்.ஆரில் தெரிந்துவிடும். அபிக்ஸபானில் அப்படிக் காட்டிக்கொடுக்கும் சோதனை வழக்கத்தில் இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அப்பா காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை மாத்திரை மறந்து, மதியம் 2 மணிக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளட்டும், இரவு 8 மணி மாத்திரை வழக்கம்போல. 2 மணியைத் தாண்டிவிட்டால் காலை மாத்திரையை விட்டுவிட்டு இரவு ஒன்று மட்டும். இரண்டு வேளைக்கு நடுவே 12 மணி நேரம் இருக்கிறது, அதில் முதல் பாதி வரை பரவாயில்லை என்பதுதான் கணக்கு. விட்டதை ஈடுகட்ட இரண்டாகப் போடவே கூடாது.

தவறி இரண்டு மாத்திரை போட்டுவிட்டால் பதற வேண்டாம். அடுத்த வேளையை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரத்திலிருந்து பழையபடி தொடரலாம். "போட்டேனா இல்லையா" என்று சந்தேகமாக இருந்தால், இரண்டு வேளை மாத்திரையில் மறுபடி போடாமல் அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே சரி. ஆனால் இரண்டுக்கு மேல் விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் கசிவு வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். விழுங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் போனால், கரித்தூள் மருந்து கொடுத்து வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போவதைக் குறைக்க முடியும்.

வீட்டில் வேறு யாராவது ரிவராக்ஸபான் சாப்பிட்டால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. துடிப்புக் கோளாறுக்கு அது தினமும் ஒரு வேளை. மறந்தால் 12 மணி நேரம் வரை போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராமலே போகும். "அப்பா மறதிக்காரர், ஒரு வேளை மாத்திரைக்கே மாற்றிவிடலாமே" என்று தோன்றும். யோசித்துச் செய்யுங்கள். ஒரு வேளை மாத்திரையில் ஒன்று விட்டால் 48 மணி நேர இடைவெளி விழும். இரண்டு வேளை மாத்திரையில் ஒன்று விட்டால் 24 மணி நேரம்தான். எப்போதாவது மறப்பவருக்கு இரண்டு வேளையே நல்லது என்பது என் எண்ணம். இரவு மாத்திரையை மட்டும் வாரத்தில் பாதி நாள் விடுகிறவராக இருந்தால், அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் மாற்றித் தரலாம்.

கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். மாத்திரையை உரித்துப் போடாமல், கத்தரியால் அட்டையோடு வெட்டி ஒவ்வொரு அறையிலும் போட்டு வையுங்கள். ஏன் அட்டையோடு என்று பின்னால் சொல்கிறேன். கடைசி அட்டை தொடங்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். பொங்கல், தீபாவளி என்று நான்கு நாள் கடை மூடியிருந்து, அதற்குள் பக்கவாதத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கசிவு. பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம், கையில் ஒரு நீலத் திட்டு, சவரம் செய்யும்போது கீறல், இதற்கெல்லாம் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் உட்கார வைத்து, தலையை முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியை 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது. அண்ணாந்து படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். நின்றுவிட்டால், அடுத்த வேளையைப் போடலாமா, சில மணி நேரம் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வேளையைத் தள்ளுவதோடு முடிந்துவிடும். இங்கேதான் இந்த மாத்திரையின் வேகம் உதவுகிறது. வார்ஃபரினை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய கசிவுக்கு ஒரு பயனும் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அபிக்ஸபானை ஒரு வேளை தள்ளினாலே ரத்தம் உறையும் திறன் வெகுவாகத் திரும்பிவிடும்.

காத்திருக்கவே கூடாதவை சில உண்டு. தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து நாறும் மலம். ரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி. 15, 20 நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம். திடீரென்று கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம். வெளுத்துப்போய் வியர்த்துத் தலை சுற்றுவது. தலையில் அடிபடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வெளியே காயமே இல்லாவிட்டாலும், அப்பா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், 108-ஐக் கூப்பிட்டு சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி இடம் அதிகம் என்பதால், கசிந்த ரத்தம் அழுத்தத் தொடங்கும் வரை சில மணி நேரம், சில சமயம் சில நாள்கூட ஒன்றும் தெரியாது.

எங்களிடம் வந்த ஒரு பாட்டியின் கதையைச் சொன்னால் மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது என்பது புரியும். 78 வயது, 54 கிலோ. இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டிருக்கிறார். விடிகாலை 5 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. எழுந்து நடமாடியதால் வீட்டில் விட்டுவிட்டார்கள். ஏழரைக்கு இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகு எட்டு மணிக்குக் கூட்டி வந்தார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றால் "ரத்தம் மெலிவதற்கு ஒன்று" என்றார் மகன். டப்பாவில் இருந்ததெல்லாம் உரித்த மாத்திரைகள், ஒன்றிலும் பெயர் இல்லை. ரத்தம் மெலிவதற்கு என்று நம் ஊரில் ஆஸ்பிரினையும் சொல்வார்கள், குளோபிடோக்ரலையும் சொல்வார்கள், அசிட்ரோமையும் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மருமகள் வீட்டுக்குப் போய்ச் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப 40 நிமிடம் ஆனது. அபிக்ஸபான் 5 மி.கி. அட்டையோடு வெட்டி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதற்குள் சி.டி.யில் மூளை உறைக்குக் கீழே கசிவு தெரிந்தது. ஐ.என்.ஆர். 1.2 என்று வந்தது. "ஐ.என்.ஆர். நார்மல்தானே சார், மருந்து வேலை செய்யவில்லை போல" என்றார் பயிற்சி மருத்துவர். இந்தத் தவறைப் பல இடங்களில் செய்கிறார்கள். ஐ.என்.ஆர். என்பது வார்ஃபரினை அளக்க உண்டான அளவுகோல். அபிக்ஸபான் ரத்தத்தில் நிறைய இருக்கும்போதும் அது ஏறக்குறைய நார்மலாகவே காட்டும். எங்களுக்கு வழி காட்டியது கடிகாரம்: கடைசி மாத்திரை போட்டு 11 மணி நேரம், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர், அப்படியானால் பாதி மருந்தாவது உடலில் இருக்கிறது.

இந்த இடத்தில் வைட்டமின் கே ஊசி வீண். பாட்டியின் கல்லீரல் புரதங்களைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது, குறை அங்கே இல்லை. பிளாஸ்மா ஏற்றுவதாலும் பெரிய பயன் இல்லை. ஏற்றும் கொஞ்சப் புரதத்தையும் ரத்தத்தில் இருக்கும் மருந்து பிடித்துக்கொள்ளும். நாங்கள் கொடுத்தது பி.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் மருந்து. தானம் வந்த பிளாஸ்மாவிலிருந்து உறைதல் புரதங்களை மட்டும் பிரித்துச் செறிவாக்கிய தூள் அது. 500 யூனிட் குப்பி நான்கு, மொத்தம் 2000 யூனிட், சில நிமிடங்களில் ரத்தக்குழாய் வழியாக. அது மருந்தை அகற்றுவதில்லை. அடைபட்ட புரதங்களுக்கு மேல் புதிதாக நிறையக் கொட்டி, உறைதல் நடக்க வழி செய்கிறது. ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

அபிக்ஸபானுக்கும் ரிவராக்ஸபானுக்கும் உரிய முறிமருந்து என்று ஆண்டெக்ஸானெட் ஆல்ஃபா 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பத்தாம் எண் புரதத்தின் போலி அது. மருந்து நிஜத்தை விட்டுவிட்டு இந்தப் போலியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் விலை மிக அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது, 2025 இறுதியில் அமெரிக்காவிலேயே அதன் விற்பனை நின்றுவிட்டது. மூளைக் கசிவு நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கசிவு பெரிதாவதைச் சிறப்பாகத் தடுத்தது. கூடவே புதிதாக ரத்தக்கட்டி ஏற்பட்டவர்களும் அதிகமாக இருந்தார்கள், பக்கவாதம் உட்பட. அது இல்லையே என்று எந்தக் குடும்பமும் ஏங்க வேண்டியதில்லை. டபிகாட்ரன் என்ற வேறொரு புது மாத்திரையின் நிலைமை வேறு. அதற்கு 2015-இல் வந்த இடாருசிசுமாப் என்ற முறிமருந்து, 5 கிராம் ஏற்றிய சில நிமிடங்களில் மாத்திரையின் வேலையை முறித்துவிடுகிறது. ஆகவே "புது மாத்திரை எதற்குமே முறிமருந்து கிடையாது" என்பது இன்று சரியில்லை.

அதே பாட்டி வார்ஃபரினில் இருந்து, ஐ.என்.ஆர். 5 என்று வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அப்போதும் பி.சி.சி. வேண்டும், கிலோவுக்கு 35 யூனிட் என்று அவருக்குச் சுமார் 1900 யூனிட். கூடவே வைட்டமின் கே 10 மி.கி. அரை மணி நேரம் மெதுவாக. இரண்டும் எதற்கு என்றால், வைட்டமின் கே வேலையைத் தொடங்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், முழுதாக ஒரு நாள் வேண்டும். பி.சி.சி. உடனே சரிசெய்யும், ஆனால் அதில் வரும் ஒரு புரதம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், உடலில் வார்ஃபரினோ நாள்கணக்கில் இருக்கும். வைட்டமின் கே கொடுக்காமல் விட்டால் மறுநாள் ஐ.என்.ஆர். மீண்டும் ஏறி, கசிவு இரண்டாம் முறை தொடங்கும். பி.சி.சி. இல்லாத ஊரில் பிளாஸ்மா ஏற்ற வேண்டும்: 54 கிலோவுக்கு முக்கால் லிட்டருக்கு மேல், உறைய வைத்ததை உருக்கி எடுக்கவே அரை மணி நேரம். பலவீனமான இதயத்துக்கு அவ்வளவு திரவம் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். பழைய மாத்திரைக்கு முறிமருந்து இருப்பது உண்மைதான், ஆனால் கைசொடுக்கில் வேலை செய்கிற முறிமருந்து இல்லை அது.

வார்ஃபரினே சரியான மருந்து என்று இருக்கும் ஆட்களும் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். உலோக வால்வு பொருத்தியவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் புது மாத்திரைக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு டபிகாட்ரன் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் கசிவும் அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களிடம் ரிவராக்ஸபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்வில், 2022-இல், வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். அப்பாவுக்கு எக்கோ எடுத்து வால்வு பார்த்துத்தான் மாற்றியிருப்பார்கள், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் வால்வு மாற்றியவர் யாராவது "எனக்கும் அதே மாத்திரை" என்று கேட்டால் தடுங்கள்.

மாற்றும் இந்த வாரத்தில் கவனம் தேவை. வார்ஃபரினை நிறுத்தியதும் அன்றே அபிக்ஸபானைத் தொடங்கக் கூடாது, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்த பிறகுதான். இரண்டும் சேர்ந்து ஓடும் நாட்களில் கசிவு வரலாம். வீட்டில் மிச்சமிருக்கும் வார்ஃபரினை எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள், பழக்கத்தில் அதையும் போட்டுக்கொள்வார்.

அளவையும் யாரும் தாமாகக் குறைக்க வேண்டாம். 80 வயதும் அதற்கு மேலும், 60 கிலோவும் அதற்குக் கீழும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5-உம் அதற்கு மேலும், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. அந்தப் பாட்டிக்கு எடை மட்டும்தான் குறைவு, கிரியாட்டினின் 1.3. அதனால் அவருக்கு 5 மி.கி.தான் சரி. "வயசானவர், பாதி போதும்" என்று குறைத்தால் கசிவு பயம் தீர்ந்ததாகத் தோன்றும், பக்கவாதத்துக்குக் கதவு திறந்திருக்கும். கிரியாட்டினினை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். கடும் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே பாருங்கள்.

முதுகுவலிக்குத் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போடும் ஊசி இனி அப்பாவுக்கு ஆகாது. தசைக்குள் ரத்தம் கட்டும், அந்த ஊசியில் இருக்கும் டைக்ளோஃபெனாக் வயிற்றிலும் கசிய வைக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வலிப்பு மாத்திரையோ காசநோய் மாத்திரையோ யாராவது எழுதினால், அபிக்ஸபான் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். ஃபெனிடோயின், ரிஃபாம்பிசின் போன்றவை அதன் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும்.

ஒரு சிறு தாளில் மாத்திரையின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், எதற்காக என்பது, கடைசி கிரியாட்டினின், எடை எல்லாவற்றையும் எழுதி அப்பாவின் பணப்பையில் வையுங்கள். அவசரத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பி.சி.சி. அரை மணி நேரம் முன்னால் ஏறும்.

அந்தப் பாட்டி பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். மகன் மாத்திரையை இனித் தொடவே மாட்டோம் என்றார். ஆனால் துடிப்புக் கோளாறு அப்படியே இருக்கிறது, இதயத்தில் ரத்தக்கட்டி உண்டாகி எப்போது வேண்டுமானாலும் மூளைக்குப் போகலாம். ஆறாவது வாரம் ஸ்கேனில் கசிவு வற்றியிருந்ததைக் காட்டி, நரம்பியல் மருத்துவரோடும் பேசி, மறுபடி அபிக்ஸபான் 5 மி.கி. தொடங்கினோம். குளியலறையில் பிடிக்கக் கம்பி வைத்துவிட்டு வந்துதான் மகன் சம்மதித்தார்.